நசுங்கிய பெட்டிக்குள் ஓர் அக்கார்டியன்

இடது கட்டைவிரல் கீலை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை இடுக்கியால் முறிந்த ரிவிட்டின் தலையைக் கவ்வி, திருகாமல், ஆட்டாமல், நேராக இழுத்தது. அது வந்ததும் துளையைச் சுண்டுவிரல் நுனி ஒருமுறை சுற்றி வந்தது. பிசிர் ஒன்று தட்டுப்பட்டது. அரத்தை எடுத்து இரண்டு தேய்ப்பு. மறுபடியும் சுண்டுவிரல். இப்போது வழுவழுப்பு. அதன் பிறகுதான் புது ரிவிட் உள்ளே போனது.

அந்தக் கைகளுக்கு உரியவரைப் பேருந்து நிலையத்தில் எல்லோரும் பெட்டியக்கா என்பார்கள். நிலையத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டிய கடையில் பாதி அவருடையது. மறுபாதியில் அவர் கணவர் சாவி வெட்டுகிறார். உண்மையில் கடை முழுவதும் ஒரு காலத்தில் கணவருடையதாகத்தான் இருந்தது. சாவியைத் தொலைத்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் பூட்டைத் திறந்து கொடுப்பார். திறந்த பெட்டியில் சக்கரம் ஆடும், பிடி கழன்றிருக்கும், ஜிப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காத மனைவி, "குடுங்க, பார்க்கிறேன்" என்று ஆரம்பித்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குப்பைக்குப் போகும் பெட்டிகளை வாங்கி வந்து பிரித்துப் பிரித்துப் பார்த்தார். எப்படிப் பிரிகிறது என்று தெரிந்தால் எப்படிச் சேர்ப்பது என்பதும் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அவருக்கு ஒரு முறை உண்டு. எதையும் உள்ளேயிருந்து வெளியே வந்துதான் பழுது பார்ப்பார். வெளிப்பக்கத்தை முதலில் நிமிர்த்திவிட்டால் உள்ளே கை போகாது.

"வீடு பெருக்கினாலும் கட்டிலுக்கு அடியிலேர்ந்துதான்" என்பார் கணவர். "வாசலுக்கு வர்றதுக்குள்ள பொழுது சாய்ஞ்சிரும்."

"வாசல்லேர்ந்து பெருக்கறவங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில எட்டிப் பார்த்திருக்கீங்களா?"

"அங்கெல்லாம் எனக்கு என்னடி வேலை?"

பேருந்து நிறுவனத்தின் சாமான் புகார் கவுன்டர் இவர்கள் கடைக்கு எதிரே இருக்கிறது. அதில் இருக்கும் குமாஸ்தாவுக்கு முத்திரை என்று பெயர் வைத்ததும் கணவர்தான். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் அந்த மனிதரின் கை தானாக ரப்பர் முத்திரையைத் தேடும். அவர் வைத்திருக்கும் சட்டம் எளிமையானது. பேருந்தின் அடிவயிற்றில் ஏற்றும்போது வில்லை கட்டி, அதில் பாதியைக் கிழித்துப் பயணியிடம் கொடுத்த சாமானுக்கு மட்டும்தான் நிறுவனம் பொறுப்பு. சேதம் இருந்தால் நிலையத்தை விட்டு வெளியே போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். முத்திரை பார்த்து எழுதுவார். பிறகு நிறுவனம் தன் செலவில் பழுது பார்க்கும், அல்லது நஷ்ட ஈடு தரும். ஏற்றும்போதே மதிப்பைச் சொல்லி அதற்குத் தனிக் கட்டணம் கட்டாதவர்களுக்கு நஷ்ட ஈடு எடைக் கணக்கில்தான். வைரமானாலும் வெங்காயமானாலும் தராசு ஒன்றுதான். பழுது என்று முடிவானால் சாமான் எதிர்க்கடைக்கு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்படித்தான் அந்தக் கறுப்புப் பெட்டி வந்தது. ஒரு மூலை உள்ளே குழிந்து, பூட்டு இறுகிப்போய்க் கிடந்தது. மேலே முத்திரை எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது: 'பெட்டி மூலை நசுங்கியது. பூட்டு சிக்கியது. பழுது பார்க்கவும்.'

கணவர் பூட்டைத் திறந்தார். உள்ளே ஓர் அக்கார்டியன். அவர் பட்டையைப் பிடித்துத் தூக்கியதும், எந்தக் கட்டையையும் யாரும் தொடாமலே அது தொளதொளவென்று விரிந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது.

"எங்க பெரிய மாமா தூங்கற மாதிரியே இருக்கு" என்றார்.

பெட்டியக்கா சிரிக்கவில்லை. அவர் கை அதற்குள் துருத்தியின் மடிப்புகளுக்குள் போய்விட்டது. அட்டையையும் துணியையும் மடித்து மடித்துச் செய்த துருத்தி. மடிப்புகள் சந்திக்கும் மூலைகளில் மெல்லிய தோல். அதில் இரண்டு மூலைகள் பிளந்திருந்தன. உள்ளேயிருந்து வெளியே என்பது அவர் முறை. பெட்டிக்குள் இருந்ததும் அவருக்கு உள்ளேதான். கத்தியை எடுத்து ஒரு மூலையின் கிழிந்த தோலைச் சுத்தமாக உரித்து எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் சொந்தக்காரர் வந்து நின்றார். ஐம்பதை ஒட்டிய வயது. தபால் பிரிக்கும் வேலை செய்கிறவர், வாசிப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். திறந்து கிடந்த துருத்தியைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுவும் போச்சா?"

"போகல. கிழிஞ்சிருக்கு. என்னைக்கு வேணும்?"

"நாளை மறுநாள் கல்யாணம். நான்தான் வாசிக்கணும்."

"யாருக்குக் கல்யாணம்?" என்றார் கணவர்.

"எங்க அக்காவுக்கு."

கணவர் அவருடைய நரையைப் பார்த்தார். "அக்காவுக்கா?"

"அம்பத்தி நாலு. அத்தான் போய் ரொம்ப வருஷம் ஆச்சுங்க. இப்பத்தான் ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு சொல்லுச்சு. பிள்ளைங்களே முன்ன நின்னு நடத்தறாங்க. நகை, சேலை ஒண்ணும் வேணாம், தம்பி வாசிச்சா போதும்னு சொல்லிருச்சு. இரவல் வாங்கலாம்னா, இந்த ஊர்ல வாசிக்கறவங்க யாரையும் எனக்குத் தெரியாது."

பெட்டியக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எதிரே பார்த்துக் குரல் கொடுத்தார். முத்திரை வந்தார். துருத்தியைப் பார்த்தார். உரித்த மூலையைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, நான் அனுப்பினது பெட்டிக்கு. உள்ள இருக்கறதுக்குத் தனி மதிப்பீடு. மதிப்பீட்டாளர் வந்து பார்க்கற வரைக்கும் தொடக் கூடாது. இப்ப இதுல இருக்கறது உங்க கத்தித் தடம். கம்பெனி உடைச்சுச்சா, நீங்க கிழிச்சீங்களான்னு அவர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவர் எப்ப வருவார்?"

"செவ்வாய்க்கிழமை."

ஸ்டூலில் இருந்தவர் எழுந்தார். "எனக்கு ஈடு வேணாம் சார். எழுதிக் குடுத்துடறேன். இவங்க சரி பண்ணிக் குடுத்தா போதும்."

"எழுதிக் குடுக்காதீங்க" என்றார் பெட்டியக்கா. "நான் ஒட்டறது நிக்கலைன்னா? அப்புறம் உங்களுக்கு ஈடும் இல்ல, பெட்டியும் இல்ல. நான் அவசரப்பட்டதுக்கு நீங்க ஏன் நஷ்டப்படணும்?" முத்திரையின் பக்கம் திரும்பினார். "உரிச்சது நான்தான். அதை அப்படியே எழுதுங்க. ஆனா இன்னொரு மூலையை நான் தொடவே இல்ல. அதைப் பாருங்க."

முத்திரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். அந்தப் பிளவின் ஓரம் நைந்து, நூல் நூலாகத் தொங்கியது.

"இது கத்தி இல்ல, சரி. ஆனா ஏறும்போதே கிழிஞ்சிருந்ததுன்னு சொல்லுவாங்களே?"

இதற்குள் கணவர் அக்கார்டியனைத் தூக்கி, பழையபடி பெட்டிக்குள் இறக்கி மூடியைச் சாத்திப் பார்த்தார். மூடி முழுதாகப் படியவில்லை. குழிந்த மூலை சரியாகத் துருத்தியின் பிளந்த ஓரத்தில் போய் முட்டி நின்றது.

"வந்து பாருங்க முத்திரை" என்றார். "உங்க பஸ்ஸோட முழங்கை."

நல்லவேளையாகக் குழிவை இன்னும் யாரும் நிமிர்த்தியிருக்கவில்லை. முத்திரை குழிவில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சொந்தக்காரர் முன்னால திறந்து பார்த்துத்தான் எழுதியிருக்கணும். பூட்டு சிக்கிக்கிச்சுன்னு வெளியில பார்த்தே எழுதிட்டேன். அது என் தப்பு."

மதிப்பீட்டாளருக்குத் தொலைபேசியில் பேசினார். அந்தப் பக்கம் நிறையக் கேள்விகள் வந்தன. தொடாத மூலை இருக்கிறதா, பெட்டி நசுங்கியபடியே இருக்கிறதா, சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கிறாரா, பழுதுச் செலவு எடைக் கணக்கு ஈட்டைத் தாண்டுமா. முத்திரை ஒவ்வொன்றுக்கும் "ஆமா சார்", "இல்ல சார்" என்றார். கடைசியில் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தவரின் முகம் பரீட்சையில் தேறியவன் முகம் மாதிரி இருந்தது.

"எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்கணும். அறிக்கையில சேர்த்து எழுதி இவரும் நானும் கையெழுத்துப் போடணும். நீங்க உரிச்ச மூலையை அறிக்கையில மறைக்கக் கூடாது. அதுக்கப்புறம் தாராளமா சரி பண்ணலாமாம். இவர் திருப்தின்னு கையெழுத்துப் போடற வரைக்கும் புகார் திறந்தே இருக்கும்."

"முத்திரை குத்தியாச்சா?" என்றார் கணவர்.

"குத்தாம விடுவேனா?"

பெட்டியக்கா அதுவரை எத்தனையோ தோல் பெட்டிகளுக்கு மூலை போட்டிருக்கிறார். ஆனால் பெட்டியின் மூலை அசையக் கூடாது. இது அசைந்துகொண்டே இருக்க வேண்டிய மூலை. கையிலிருந்த தோல் எல்லாமே தடிமன். ஒரு பழைய கைப்பையின் உள்தோலை வெட்டி, கண்ணாடித் துண்டின் மேல் பரப்பி, கத்தியைப் படுக்க வைத்துச் சீவினார். வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் தெரிகிற அளவுக்கு வந்ததும் நிறுத்தினார். வழக்கமாகப் பெட்டிக்குப் போடும் பசை காய்ந்தால் விறைத்துவிடும். இரண்டு முறை மடித்தால் விண்டுபோகும். அதனால் காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் ரப்பர் பசையைத் தடவினார். பிளந்த மூலையின் தோலையும் உரித்து, இரண்டுக்கும் புதுத் தோல் ஒட்டி, மடிப்பை மூடி, துணி சுற்றி, மேலே பளு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சாப்பிடும்போது வலது கையின் விரல்கள் தட்டின் ஓரத்தில் எதையோ மடித்துக்கொண்டிருந்ததாகக் கணவர் சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை காலையில் துணியைப் பிரித்தார். விரித்துப் பார்த்தபோது மெல்லிய சீற்றம் கேட்டது. மூலைகளிலிருந்து இல்லை. ஒரு மெல்லிய காகிதத் துண்டை மடிப்பு மடிப்பாகக் காட்டிக்கொண்டே போனார். கணவர் துருத்தியை அழுத்தினார். நடுமடிப்பு ஒன்றின் அருகே காகிதம் நடுங்கியது. கண்ணுக்குத் தெரியாத கீறல். அதற்கும் ஒரு தோல் பட்டை. அது உலர்வதற்குள் பெட்டியின் குழிவை உள்ளிருந்து வெளியே தள்ளி, விரிசலுக்குப் பின்னால் மெல்லிய பலகை கொடுத்து ஒட்டி, பூட்டையும் மாற்றினார்கள்.

சாயங்காலம் அக்கார்டியனின் ஒரு பக்கத்தைக் கணவர் உயரப் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தைப் பிடித்திருந்த பெட்டியக்கா கையை எடுத்தார். எந்தக் கட்டையும் அழுத்தாமல் இருந்தால் நல்ல துருத்தி தன் பாரத்தில் சட்டென்று விழக் கூடாது. இது விழவில்லை. யோசித்து யோசித்து இறங்குவது போல, அங்குலம் அங்குலமாக இறங்கியது.

"பெரிய மாமா முழிச்சுக்கிட்டார்" என்றார் கணவர். இப்போது பெட்டியக்கா சிரித்தார்.

கவுன்டரில் அக்கார்டியனின் சொந்தக்காரரான தபால்காரர் காத்திருந்தார். அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் கூட வந்திருந்தார். மாப்பிள்ளைக்குத் தலை முழுக்க வழுக்கை, முகம் முழுக்க வெட்கம். முத்திரை ரசீதை நீட்டினார்.

"வாசிச்சுப் பாருங்க. பார்க்காம கையெழுத்துப் போட்டா நான் வாங்க மாட்டேன். போட்டாச்சுன்னா புகார் முடிஞ்சது, பின்னால வந்து கேட்க முடியாது."

தபால்காரர் பட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டார். முதலில் தாழ்ந்த சுரம் ஒன்றை நீளமாக இழுத்துப் பார்த்தார். காற்று எங்கும் சிந்தவில்லை. பிறகு வேகமான மெட்டு ஒன்று கிளம்பியது. சீட்டு வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். புறப்பட வேண்டிய பேருந்தின் ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டு ஜன்னலில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஒரு காலால் மட்டும் தாளம் போட்டார். பிறகு இரண்டு காலாலும். பெட்டியக்கா மட்டும் பாட்டைக் கேட்கவில்லை. அவர் கண் துருத்தியின் இரண்டு மூலைகளிலேயே இருந்தது. அவை விரிந்தன, மூடின, விரிந்தன.

மெட்டு முடிந்ததும் தபால்காரர் கையெழுத்துப் போட்டார். 'பொருளின் நிலை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவோடு சற்றுத் தயங்கிய முத்திரை, 'பாடுகிறது' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"ஊருக்குத் திரும்பறப்ப மடியிலயே வச்சுக்கப் போறேன் சார்."

"மடியில வச்சா கம்பெனி பொறுப்பு இல்ல. ஏத்தும்போதே மதிப்பைச் சொல்லிச் சீட்டு வாங்குங்க."

பெட்டியக்கா அக்கார்டியனைப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். மூடியைச் சாத்தினார், இந்த முறை முழுதாகப் படிந்தது. பூட்டை ஒருமுறை போட்டுத் திறந்து, மறுபடி போட்டார். பிடியைத் தபால்காரர் பக்கம் திருப்பி நீட்டினார். அவர் கை அதன் பாரத்தை முழுவதும் வாங்கிக்கொண்டது தெரிந்த பிறகுதான் தன் விரல்களை எடுத்தார்.