‘உன்னைத்தான்’ என்று எழுதிய பதிவு

மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டியில் எங்களுடையது சிறிய சீஸ் கம்பெனி; கூடவே ஒரு கடையும் உண்டு. முதலாளியம்மா இன்ஸ்டாகிராமில் ஆங்கிலப் பதிவு போடுவார்; அதையே நான் தமிழில் எழுதுவேன். ‘நண்பரிடம் பேசுவதுபோல எழுத வேண்டும்’ என்பதுதான் எங்கள் எழுத்துநடைக் கையேட்டின் முதல் விதி. ஒருநாள் அவர் வாடிக்கையாளர்களைச் செல்லமாகச் சீண்டி எழுதினார். நானும் விதி மாறாமல், ‘ஏய் சீஸ் பைத்தியமே, உன்னைத்தான்!’ என்று தமிழில் போட்டேன்.

திண்டுக்கல்காரர் ஒருவர் அதற்குக் கீழே எழுதியிருந்தார்: ‘ஏங்க, நான் என்ன ஒங்க மாமன் மகனா?’

வாசித்துக் காட்டியதும் முதலாளியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இங்கிலீஷ்ல ‘யூ’ன்னு போட்டா எல்லாருக்கும் சரியாப் போகுது. தமிழ்ல என்ன செய்ய?”

“கடைக்கு வர்றவங்ககிட்ட எப்படிப் பேசுறோமோ, அப்படியே எழுதுவோம்மா. ‘வாங்க, சாப்பிட்டுப் பாருங்க’ன்னா போதும்.”

அன்றே கையேட்டைத் திருத்தினோம். தமிழில் எப்போதும் ‘நீங்க’தான். கேலி செய்வதென்றால் எங்களையே செய்துகொள்ள வேண்டும். ஆங்கிலப் பதிவை மொழிபெயர்க்காமல், அதே செய்தியைத் தமிழில் புதிதாக எழுத வேண்டும். சீஸைப் பாலாடைக்கட்டி ஆக்கக் கூடாது என்பதை முதலாளியம்மாவே சேர்த்தார்.

புது விதிப்படி முதல் வேலையாகத் திண்டுக்கல்காரருக்குப் பதில் எழுதினேன்: ‘மன்னிச்சிருங்க. நீங்க நம்ம விருந்தாளிங்க. மலைக்கு வந்தா அவசியம் கடைக்கு வாங்க.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு வந்து நின்றார். “வாங்கன்னீங்க, வெரசா வந்துட்டோம்” என்றார்.