ஒரே தடவை எழுதிய முகவரிகள்

கண்ணுகளா, நீங்கள் சேலத்தில் உங்கள் அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன வருடங்களில் நான் மட்டும் ஏன் ஏற்காட்டில் இருந்தேன் என்று கேட்பீர்கள். அங்கே பஜாரில் நம் காப்பிக் கடைக்குப் பின்னால் இருந்தது ஒற்றை அறை. காப்பிக்கொட்டை வறுக்கிற புகை அங்கேதான் சுற்றும். சின்னவளுக்கு இளைப்பு வந்ததும் அம்மா உங்களை அழைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். கடையை விட்டுத் தள்ளி வேறு வீடு பிடித்தால்தான் நீங்கள் திரும்பி வரமுடியும். மழை நாளில் ஐந்து மணிக்கே பஜார் அடங்கிவிடும். அதற்குப் பிறகு என்னிடம் பேச ஆளில்லை. வறுக்கும் உருளைதான் கடகடவென்று சத்தம் போடும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இன்டர்நெட் அப்போதுதான் சேலத்துக்கு வந்திருந்தது. பிரௌசிங் சென்டர் வைத்திருந்த தம்பி என் காப்பித்தூளுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தார். சனிக்கிழமை பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி, வந்த ஆர்டர்களைத் தாளில் எழுதிவருவேன். பார்சல் வி.பி.பி.யில் போகும், தபால்காரர் பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பார். கொட்டை, பை, தபால் எல்லாம் போக ஒரு பார்சலுக்கு நாற்பது ரூபாய் நிற்கும்.

ஐப்பசியில், வெளியூர்த் தமிழர்கள் பார்க்கிற ஒரு தளத்தில் விளம்பரம் போட்டோம். மாதம் நாலாயிரம். முதல் மாதமே இருபது புது ஆட்கள் வந்தார்கள். தை பிறந்ததும் அந்தத் தம்பி கால்குலேட்டரை எடுத்தார்.

"ஒரு ஆளைப் புடிக்க எரநூறு ரூவா ஆவுதுங்ணா. உங்க பழைய ஆளுங்க வருசத்துக்கு எத்தன வாட்டி வாங்கறாங்க?"

"எட்டு வாட்டி இருக்குமுங்க."

"அப்ப எட்டு நாப்பது முன்னூத்தி இருவது. எரநூறு போட்டு முன்னூத்தி இருவது எடுக்கறதுக்கு யோசன என்னங்ணா? ஆறு மாசத்துக்கு மொத்தமாக் கட்டீருங்க. இருவத்தி நாலாயிரம்."

என்னிடம் இருந்ததே அவ்வளவுதான். வீட்டு அட்வான்ஸுக்குச் சேர்த்தது. அதைப் போட்டு ஒன்றரை மடங்காக எடுத்தால் உங்களை இன்னும் நல்ல வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்று மனசு ஓடியது. தனியாக இருக்கிறவனுக்குச் சீக்கிரம் பணம் வருகிற கணக்கெல்லாம் சரியான கணக்காகத்தான் தெரியும்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அந்த எட்டு வாட்டி வாங்கறவீங்க ஆருங்க? நம்ம கடையில காப்பி குடிச்சுப்போட்டுப் போனவீங்கதான?"

"அவீங்களேதான்."

"வெளம்பரம் பாத்தவீங்க நம்ம காப்பியக் குடிச்சாங்களா, படத்தக் குடிச்சாங்களா? நல்ல யாவாரி போங்க! போன வெச்சுருங்க, காசு ஓடுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோடை சீசனில் ஊர் பார்க்க வந்து கடைக்குள் நுழைகிறவர்களுக்கு நான் முதலில் அரை டம்ளர் காப்பி கொடுப்பது வழக்கம். குடித்துப் பிடித்திருந்தால்தான் பொட்டலம். அதன் மேல் வெப்சைட் விலாசம் ஒட்டியிருப்பேன். அப்படிப் போனவர்கள்தான் மாதம் தவறாமல் கேட்பார்கள்.

அன்று சாயங்காலம் பார்சல்களுக்கு முகவரி எழுத உட்கார்ந்தேன். மதுரைக்காரர் ஒருவர், பெங்களூரில் ஒரு டீச்சரம்மா, இவர்களுக்கெல்லாம் தாளைப் பார்க்காமலே கை எழுதியது. விளம்பரத்தில் வந்தவர்களை நினைத்துப் பார்த்தேன். ஒரு தெருப்பெயர்கூட ஞாபகம் வரவில்லை. ஒரே தடவை எழுதிய முகவரி எப்படி ஞாபகம் வரும்? தாள்களைப் புரட்டினேன். முதல் மாதத்து இருபது பேரில் மறுபடி கேட்டவர்கள் மூன்றே பேர். அந்த மூன்று பேரும் வருடத்துக்கு எட்டு வாட்டி வாங்கி, மற்றவர்கள் ஒன்றோடு நின்றால் நாற்பத்தொரு பார்சல். ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அதற்குக் கொடுத்தது நாலாயிரம். காப்பி குடித்துப் போனவர்களின் எட்டை, குடிக்காதவர்கள் தலையில் ஏற்றி வைத்திருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தம்பியிடம் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னேன்.

"அப்புறம் புது ஆளு எப்படிங்ணா வருவாங்க?"

"சீசன்ல வருவாங்க தம்பி. பால் செலவுதான ஆவும்."

"சீசனுக்கு இன்னும் மூணு மாசம் கெடக்குதுங்களே."

அது உண்மைதான். அந்த மூன்று மாதமும் வியாபாரம் மெதுவாகத்தான் போகும். நீங்களும் பரீட்சை முடிந்துதான் வரமுடியும். ஆர்டர் தாளை மடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை, கடையை விட்டுத் தள்ளிக் கரடியூர் ரோட்டில் பார்த்துவைத்திருந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துச் சாவி வாங்கினேன். உள்ளே ஒரு சாமானும் இல்லை. நாள்பட்ட ஈரவாடை. சின்னவளுக்கு ஆகாதே என்று ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டேன். பனி உள்ளே வந்துவிட்டது. வெயில் வரட்டும் என்று வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தேன்.