பத்து எண்களில் ஒன்று

எர்லிந்தா கிஸ்பெர்த்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். அதைத் தொடங்கிக் கொடுத்தவன் தம்பி ரெமிஹியோ. கடவுச்சொல்லும் அவன் வைத்ததுதான், செத்துப்போன நாயின் பெயரும் அம்மா பிறந்த வருஷமும். அவன் சிலி நாட்டுக்குச் சுரங்க வேலைக்குப் போய் எட்டு வருஷமாகிறது. முதல் ஆறு மாதம் கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

லா பாஸ் நகரப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் எர்லிந்தா படுக்கை விரிப்பு துவைக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். யார் எந்த அறையில் அழுதார்கள் என்பதை விரிப்பை மடிக்கும்போதே தெரிந்துகொள்வாள், யாரிடமும் சொல்லமாட்டாள். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குக் கடிதம் எழுதுவாள். அனுப்ப முகவரி இல்லாததால் தனக்கே அனுப்பிக்கொள்வாள். தம்பிக்குக் கடவுச்சொல் தெரியும், என்றாவது உள்ளே வந்து பார்ப்பான் என்பது அவள் கணக்கு. தான் ஒன்றையும் திறக்காமல் விட்டுவிடுவாள். படிக்காத கடிதங்கள் தடித்த எழுத்தில் வரிசையாக நின்றன. அறுபத்து மூன்று.

மார்ச் மாதம், எங்கோ ஒரு நாட்டிலிருந்து யாரோ அந்த மின்னஞ்சல் கணக்கில் நுழையப் பார்த்ததாக எச்சரிக்கை வந்தது. விடுதிக்கு எதிரே இன்டர்நெட் கடை வைத்திருக்கும் யோஸ்லினிடம் காட்டினாள். கடவுச்சொல்லை மாற்றச் சொன்னாள் யோஸ்லின். எர்லிந்தா தலையை ஆட்டி மறுத்தாள். அப்படியானால் இரண்டாவது பூட்டாவது போடலாம் என்றாள். இனிமேல் புதிய கணினியில் கடவுச்சொல் போட்டால் மட்டும் போதாது, எர்லிந்தாவின் போன் 'நீங்கள்தானா?' என்று கேட்கும், 'ஆம்' தொட்டால்தான் திறக்கும்.

"அப்ப அவன் வந்தா?"

"யாரு, தம்பியா? எட்டு வருஷமா வராதவன் இப்பத்தான் வரப்போறானா, அக்கா?" என்று சொன்ன யோஸ்லின், எர்லிந்தாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். போன் தொலைந்தால் உதவ என்று கணக்கே பத்து எண்கள் தரும், எட்டு எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும் என்று விளக்கினாள். பூட்டைப் போட்டு, எண்களை அச்செடுத்துக் கொடுத்தாள். "இத போன்ல படம் புடிச்சு வெச்சிராதீங்க. போன் போனா இதுவும் சேர்ந்து போயிரும். ஒண்ணு எடுத்தா அதுமேல கோடு போட்டுருங்க."

வீட்டில் இரண்டு தடவை திருட்டு நடந்திருந்தது. எர்லிந்தா அந்தத் தாளை அம்மாவிடம் கொண்டுபோனாள்.

பொதுக் கல்லறையின் சுவரில், சவப்பெட்டிகளை அடுக்கிய மாடங்களில் நான்காவது வரிசையில் அம்மா இருக்கிறாள். ஏணி வாடகைக்கு எடுத்துத்தான் ஏற வேண்டும். மாடத்தின் முன்னால் கண்ணாடிக் கதவு, சிறு பூட்டு. அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று எர்லிந்தாவின் கழுத்தில், மற்றது தம்பி ரெமி போகும்போது கொண்டுபோனது. தாளின் மேல் 'ரெமி, கடிதம் பார்க்க' என்று எழுதி, சுருட்டி, காலி சோடா பாட்டிலில் போட்டு, காகிதப் பூக்களுக்குப் பின்னால் வைத்தாள்.

நவம்பர் இரண்டாம் தேதி, ஆத்மாக்களை வழியனுப்பும் நாள். ரெமியும் செத்திருப்பான், செத்தவர்களுக்கு வைக்கும் ரொட்டியை அவனுக்கும் வை என்று இத்தனை வருஷமும் அத்தை சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், எர்லிந்தா கேட்கவில்லை. இந்த வருஷம் எர்லிந்தா தோற்றுப்போனாள். அம்மாவுக்கென்று செய்த ஆள் உருவ ரொட்டியோடு ரெமிக்கும் ஒன்று செய்து, நெஞ்சில் அவன் பெயரைச் சர்க்கரையால் எழுதி, மாடத்துக்குள் வைத்துப் பூட்டினாள். உயிரோடிருப்பவனுக்கு ரொட்டி வைத்தால் என்ன ஆகும் என்று அத்தையிடம் கேட்க வாய் வரவில்லை. மதியம் கூட்டத்தில் இடிபட்டு வெளியே வந்து பார்த்தால் பையில் போன் இல்லை.

சிம் கார்டு அம்மாவின் பெயரில் இருந்தது. பெயருக்குரியவர் நேரில் வந்தால்தான் வேறு சிம் தருவோம் என்றார் தொலைபேசிக் கடையில் இருந்தவர். எர்லிந்தா திரும்பி வந்துவிட்டாள்.

கடிதங்கள் மொத்தமும் யோஸ்லின் போட்ட இரண்டாவது பூட்டுக்கு உள்ளே. அவற்றோடு, தம்பி அவளைத் தேட இருந்த ஒரே வழியும். எட்டாம் தேதிதான் அரைநாள் லீவு கிடைத்தது. எண்கள் இருந்த தாளை எடுக்க, ஏணி வாடகைக்கு எடுத்து ஏறினாள்.

பூட்டு அப்படியே பூட்டியிருந்தது. கண்ணாடிக்குள் அம்மாவின் ரொட்டி காய்ந்து கிடந்தது. ரெமியின் ரொட்டியைக் காணோம். ஒரு துணுக்குகூட இல்லை. தட்டில் அது கிடந்த இடம் மட்டும் எண்ணெய்க் கறையாகத் தெரிந்தது.

பாட்டிலைத் திறந்தாள். பத்து எண்களில் மூன்றாவதன் மேல் பென்சில் கோடு. நேராக, அழுத்தாமல் போட்ட கோடு.

கீழிருந்து ஏணிக்காரர், மேல போய்த் தூங்கிட்டீங்களா, அடுத்த ஆள் காத்திருக்காங்க என்றார். எர்லிந்தா எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

யோஸ்லின் நம்பவில்லை. கல்லறைக் காவலாளியின் கைவரிசையாக இருக்கும் என்றாள். காவலாளிக்குச் சாவி கிடைத்தாலும் நாயின் பெயர் தெரியுமா என்று கேட்டாள் எர்லிந்தா. கடவுச்சொல்லைப் போட்டதும் திரை போனைப் பார்க்கச் சொன்னது. வேறு வழி என்பதைத் தொட்டு, முதலில் கோடு போட்டிருந்த எண்ணை அடித்தாள். செல்லாது என்றது. அதற்கு அடுத்ததை அடித்தாள். திறந்தது.

ஒரு வரிகூடத் தடித்த எழுத்தில் இல்லை. அத்தனை கடிதங்களும் மெலிந்து கிடந்தன. யாரோ ஒவ்வொன்றாகத் திறந்து படித்திருந்தார்கள். அழிக்கவில்லை, பதில் எழுதவில்லை. மேலே ஓர் அறிவிப்பு மட்டும் புதிதாக வந்திருந்தது: மூன்றாம் தேதி காலை, ஓருரோ, புதிய கணினி.

ஓருரோ இதே நாட்டில், மூன்றரை மணி நேர பஸ் தூரம்.

கணக்கு திறந்திருக்கும் சாதனங்களின் பட்டியலை யோஸ்லின் காட்டினாள். இந்தக் கடைக் கணினியைத் தவிர இரண்டு. தொலைந்த போன் ஒன்று, அந்தக் கணினி ஒன்று. முதலில் போனை வெளியேற்றினாள்.

"இதையும் வெளியேத்திடலாம் அக்கா. கடவுச்சொல்ல மாத்திட்டு, புதுசா பத்து எண் வாங்கிடலாம். வாங்கின உடனே பழைய தாள் செல்லாது. யாரா இருந்தாலும் அதோட வெளியதான்."

"வேண்டாம்."

"அவன்தான்னு என்ன நிச்சயம்? நீங்களே அவனுக்கு ரொட்டி வெச்சுட்டு வந்தீங்க."

எர்லிந்தா சுட்டியை யோஸ்லினின் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். புதுக் கடிதம் ஒன்றைத் தனக்கே எழுதினாள். தலைப்பில் இரண்டே சொல்: ரெமி, நீயா? உள்ளே அவள் வேலை செய்யும் விடுதியின் முகவரி. அனுப்பினாள்.

கடிதம் வந்து பட்டியலின் உச்சியில் தடித்த எழுத்தில் நின்றது. எர்லிந்தா இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே ஒரு பஸ் ஓருரோ, ஓருரோ என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யோஸ்லின் அடுத்த வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுக்க எழுந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

யாரும் தொடவில்லை. அந்த வரி மெலிந்தது.