குஞ்சம்மாளின் கேள்விகள்

மில் டிஸ்பென்சரியில் கட்டுக் கட்டும் வேலை குஞ்சம்மாளுக்கு. தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அவள் வாசலுக்குத்தான் ஓடி வருவார்கள். வந்தவுடன் மருந்து தர மாட்டாள், கேள்விதான் கேட்பாள். “புள்ள குடிக்குதா? ஒண்ணுக்குப் போச்சா? கூப்ட்டா பாக்குதா?” எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால், உப்புக் கஞ்சியோடு வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வாள். மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் டிஸ்பென்சரிக்கு. துணியை வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால் ரிக்‌ஷா பிடித்து நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஆம்புலன்ஸ் என்ற வார்த்தையை மட்டும் அந்தத் தெருவில் யாரும் வாயில் எடுப்பதில்லை. அது பிணத்தைக் கொண்டுவந்து போடுகிற வண்டி என்றே எல்லோருக்கும் எண்ணம். நல்ல எண்ணம்தான் போங்கள்!

ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றக் கூரை ஏறிய கன்னியப்பன் வழுக்கி விழுந்தான். குஞ்சம்மாள் போய்ச் சேர்வதற்குள் ரிக்‌ஷா வந்து நின்றுவிட்டது. அவன் தம்பிகள் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனார்கள்.

“தொடாதீங்கடா!”

அவள் போட்ட சத்தத்தில் கைகள் நின்றன. மண்ணில் மண்டியிட்டு, அவன் தலை கிடந்த வாக்கிலேயே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மூச்சு முட்டுதா?”

“இல்லக்கா.”

“எங்க வலிக்குது?”

“கழுத்து. கையி ரெண்டும் மரத்துக் கெடக்கு.”

“கால் வெரல ஆட்டு.” அசைந்தது, கொஞ்சம்.

தம்பிகளில் ஒருவனிடம் சொன்னாள்: “மில் கேட்டுக்கு ஓடு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லு. பலகையில படுக்க வெச்சுத்தான் கொண்டு போவணும்.”

கன்னியப்பன் மனைவி ஆதிலட்சுமி குஞ்சம்மாள் காலைப் பிடித்தாள். “வேணாங்கா! அந்த வண்டில போனவங்க திரும்பி வந்ததில்ல. ஒரு மொடக்குத் தண்ணியாவது குடுக்கிறேன்.”

“தண்ணியும் கூடாது.”

நாற்பது நிமிஷம். தெருவே அவளை ஏசியது. பேசுகிற மனுஷனை வெயிலில் போட்டுக் கொல்கிறாள் என்றார்கள்.  குஞ்சம்மாளின் பிடி தளரவில்லை. அவளுக்கும் பயம்தான். வண்டி வராமல் போனால் இந்தத் தெருவில் அவள் குடியிருக்க முடியாது.

வண்டி வந்தது. கழுத்தெலும்பில் விரிசல், உட்கார வைத்திருந்தால் கைகால் போயிருக்கும் என்றார் டாக்டர். மாவுக்கட்டோடு மூன்று மாதம் கிடந்து, தை மாதத்தில் கன்னியப்பன் தன் காலாலேயே வீட்டுக்கு நடந்து வந்தான்.

அன்று ஆதிலட்சுமி வெற்றிலைத் தட்டோடு வந்தாள். அழுதாள். பிறகு கேட்டாள்: “இதெல்லாம் யாருக்கா ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க? டாக்டரா?”

குஞ்சம்மாள் வெற்றிலையைத் தொடவில்லை.

“எந்தம்பி பனமரத்திலேருந்து உழுந்தான். கழுத்து வலிக்குதுக்கான்னான். நான் எதுவும் கேக்கல. தலையத் தூக்கி மடில வெச்சி, தண்ணி குடுத்தேன்.”