நான் என்று தொடங்கும் வரி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எதுவானாலும் வாசகம் என்னுடையது. போட்டோவும் பேரும் கொண்டுவந்தால் போதும், மீதித் தமிழை நான் போட்டுவிடுவேன். ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்’ என்று எத்தனை பேனரில் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பெரியவர் பிறந்தநாள் என்று யாராவது வாய் திறக்கும்போதே என் விரல் அதை அடித்து முடித்திருக்கும்.

அதனால்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு தையல் கடை மாடியில் நாங்கள் ஆறு பேர் கூடித் தியானம் செய்வோம். கூட்டத்தை நடத்துகிறவர் ரிடையர் ஆன கணக்கு வாத்தியார். அவலூர்பேட்டையில் விதைக்கடை வைத்திருக்கும் புருஷனும் பொண்டாட்டியும் பஸ் பிடித்து வருவார்கள். தொண்டூரிலிருந்து ஓர் ஆட்டோக்காரர் வருவார். அப்புறம் ஊருக்கே ஊசி போட்டு ரிடையர் ஆன நர்சம்மா. அவர்தான் எங்களில் மூத்தவர். எங்கள் வீட்டில் நைனா காலத்திலேயே புத்தர் படம் உண்டு, ஆனால் நான் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்ததற்குக் காரணம் பக்தி இல்லை, பி.பி. கோபத்தைக் குறைம்மா என்று டாக்டர் சொன்னார். அவர்மேலும் கோபம்தான் வந்தது.

தியானம் முடிந்ததும் மைத்ரி ஓதுவோம். எல்லா உயிரும் நல்லா இருக்கணும் என்று மனசைப் பழக்குகிற ஓதல். பாலி மொழியில் இருக்கும். வாத்தியார் சொல்வார், நாங்கள் கூடவே முணுமுணுப்போம். அர்த்தம் முன்னே பின்னே தெரியும், அவ்வளவுதான்.

ஒரு நாள் ஓதி முடித்ததும் நர்சம்மா, தனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், ரெண்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றார். கடைக்கு உப்பு வாங்கப் போகிறேன் என்கிற மாதிரிதான் சொன்னார். திறந்து பார்த்தால்தான் எந்தக் கட்டி என்று தெரியுமாம். எத்தனையோ பேரை ஆபரேஷனுக்குத் தயார் செய்து வண்டியில் தள்ளிக்கொண்டு போனவர் அவர், என்னென்ன ஆகலாம் என்று மற்றவர்களைவிட அவருக்கு அதிகமாகவே தெரியும். அதுதான் பயம். “அந்த நேரத்துல பாலி எனக்கு வாயில வராது. பயந்தாலும் வர்ற மாதிரி தமிழ்ல எழுதிக் குடுங்க” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இதென்ன பெரிய வேலை என்று நினைத்து, அன்றைக்கே ஒன்று அடித்து, அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன். ‘பகைமை நீங்கிப் பார்புகழ் எய்தி’ என்று ஆரம்பிக்கும். வாத்தியார் படித்துவிட்டு, நல்லா இருக்கிறது, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். ஆட்டோக்காரர் சிரித்த சிரிப்பில் கீழே தையல் மெஷின் நின்றுபோனது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம், ஆனால் அவர் சொன்னது சரி. பேனர் நின்று கண்ணால் படிக்க வேண்டியது. இது மூச்சோடு போக வேண்டியது.

அப்புறம் வாத்தியார் எனக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். விருப்பம் நாலுதான்: பகை இல்லாமல் இருக்கணும், மனசு நோகாமல் இருக்கணும், உடம்பு நோகாமல் இருக்கணும், சுகமாகத் தன்னைப் பார்த்துக்கொள்ளணும். இந்த நாலையும் முதலில் தனக்குச் சொல்லணும். அப்புறம் நமக்கு நல்லது செய்த ஒருவருக்கு, அப்புறம் வேண்டியவரும் இல்லை வேண்டாதவரும் இல்லை என்கிற ஒருவருக்கு, அதற்கும் அப்புறம் நமக்கு ஆகாதவருக்கு, கடைசியில் எல்லா உயிருக்கும். ஆகாதவரை எடுத்த எடுப்பில் நினைத்தால் மைத்ரி வராது, பல்லைக் கடிக்கத்தான் வரும். செத்துப்போனவர்களையும் இதில் நினைக்கக் கூடாது, அவர்களுக்குப் புண்ணியத்தைப் பங்கு கொடுப்பது வேறே. இதையெல்லாம் யாரிடம் கேட்கிறோம், யார் கொடுப்பார்கள் என்று விதைக்கடை அம்மா கேட்டார். யாரிடமும் கேட்கவில்லை, கொடுக்கிறவரும் யாரும் இல்லை, நம் மனசுதான் பதமாகிறது என்றார் வாத்தியார்.

ஒரு வரி ஒரு வெளிமூச்சுக்குள் முடியணும். நான் எழுதிய வரியை ஆறு பேரும் சொல்லிப் பார்ப்போம். ‘மகிழ்ச்சியுடனும் மனநிறைவுடனும்’ என்ற இடத்தில் விதைக்கடைக்காரருக்கு இரைத்தது, வெட்டினேன். ‘இருப்பேனாக’ என்றபோது பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா பேசுவது மாதிரி இருந்தது, அதையும் வெட்டினேன். ‘இருக்கணும்’ என்று போட்டதும் எல்லோருக்கும் பிடித்தது. வரி முடியும்போது வாய் மூடிக்கொள்கிறது, ‘ம்’ கொஞ்ச நேரம் மூக்கில் நிற்கிறது, அடுத்த மூச்சு தானாக வருகிறது.

நான் பகையில்லாம இருக்கணும்.
நான் மனசு நோவாம இருக்கணும்.
நான் உடம்பு நோவாம இருக்கணும்.
நான் சுகமா என்னைப் பார்த்துக்கணும்.

இவ்வளவுதான். இதற்கே மூன்று ஞாயிறு போனது. அடுத்த கட்டத்தில் ‘நான்’ இருக்கிற இடத்தில் ‘அவங்க’ வரும்.

சரிபார்க்கச் சொல்லிப் பார்த்தபோது தெரியவில்லை, எழுதி முடித்து நிஜமாகவே தனக்கென்று ஓத உட்கார்ந்தால், முதல் கட்டத்திலேயே ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. ஆட்டோக்காரர் நெளிந்தார். தன் வாயால் தன்னை வாழ்த்திக்கொள்வதா, கண் பட்டுவிடும் என்றார் விதைக்கடை அம்மா. பாலியில் இதையேதான் இத்தனை நாளாக ஓதிக்கொண்டிருந்தோம், ஆனால் புரியாத மொழியில் கூச்சம் இல்லை. நம் ஊரில் வாழ்த்து மேலேயிருந்து கீழே வருகிற தண்ணீர். காலில் விழுந்தால் பெரியவர்கள் ‘நல்லா இரு’ என்பார்கள். சின்னவர் பெரியவரை வாழ்த்துவது அதிகப்பிரசங்கித்தனம், தன்னைத்தானே வாழ்த்திக்கொள்வதற்குப் பெயரே இல்லை.

வாத்தியார் விளக்கினார். தன்னை முதலில் வைப்பது சுயநலத்துக்கு இல்லை, சாட்சிக்கு. எனக்கு வலிக்கக் கூடாது என்று நான் ஆசைப்படுகிறேன், அந்த ஆசை எதிரில் இருப்பவருக்கும் இருக்கும், அங்கேயிருந்துதான் மைத்ரி கிளம்புகிறது. எல்லோரும் தலையை ஆட்டினோம். ஆட்டிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டோம்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் கட்டத்தை மாற்றி, எங்களில் மூத்தவர் எல்லோரையும் பார்த்து ‘நீங்க பகையில்லாம இருக்கணும்’ என்று சொல்லட்டும், மற்றவர்கள் தலை குனிந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். வாத்தியாருக்கு மனசே இல்லை, முறை இது இல்லையே என்றார். நான் விடவில்லை. அந்த ஞாயிறு நர்சம்மா சொன்னார், நாங்கள் குனிந்தோம். என்ன நிம்மதி! ஆட்டோக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெரிய சாதனை செய்துவிட்ட மாதிரி எனக்கு நினைப்பு.

படியிறங்கும்போது நர்சம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே வந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டே, “எனக்கு யாரும்மா சொல்றது?” என்றார்.

சுருக்கென்றது. யாருக்காக எழுத ஆரம்பித்தேனோ அவரை மட்டும் வெளியே நிறுத்தி வாசகம் எழுதியிருக்கிறேன். அவருக்கு மேலே வாழ்த்த யார் இருக்கிறார்கள்? அப்பா அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம், வீட்டுக்காரரும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை.

மறுவாரம் ‘நான்’ திரும்பி வந்தது. நான் அதட்டிய அதட்டலில் மற்றவர்கள் கூச்சத்தை விட்டுச் சொல்லிவிட்டார்கள். நர்சம்மாவால் முடியவில்லை. ‘நான்’ என்பார், அங்கேயே நிற்பார். மற்ற கட்டமெல்லாம் கணீரென்று வரும். தனக்கு ஆகாதவர் என்று யாரையோ நினைத்து அவர் ஓதுவது கேட்கவே அழகாக இருக்கும். நான் அந்தக் கட்டத்தில் எதிர்க்கடை பேனர்காரரை நினைத்து இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரிக்கு நான்தான் துணைக்குப் போனேன். ஓதலை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். ஆபரேஷன் அன்று காலையில் பச்சைத் துணி கட்டி, வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். டிரிப்ஸ் போட வந்த பெண்ணுக்கு நரம்பு கிடைக்கவில்லை, இவரே இடம் காட்டினார். தள்ளுவண்டி வந்தது. ஏறிப் படுத்ததும் அவர் முகம் மாறிப்போனது. உதடு மட்டும் அசைந்தது. குனிந்து கேட்டால், வாத்தியார் பகையில்லாம இருக்கணும், அந்த நரம்பு தேடின பொண்ணு மனசு நோவாம இருக்கணும், இந்த வண்டி தள்ளுற தம்பி உடம்பு நோவாம இருக்கணும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அப்புறம் என் கையைப் பிடித்தார்.

“மொத வரி வர மாட்டேங்குதும்மா.”

அட்டையை எடுத்துக் காட்டியிருக்கலாம். படிக்கத் தெரியாமலா அவருக்கு வரவில்லை? எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை பேருக்குச் சொன்ன வாய்க்குத் தனக்கு ஒரு வரி சொல்ல உரிமை இல்லையா? அவர் தலைமேல் கையை வைத்தேன். என்னைவிட இருபது வயது பெரியவர். புத்தகத்தில் கால் பட்டது மாதிரிக் கை கூசியது. எடுக்கவில்லை.

“நீங்க பகையில்லாம இருக்கணும். நீங்க மனசு நோவாம இருக்கணும். நீங்க உடம்பு நோவாம இருக்கணும். நீங்க சுகமா உங்களைப் பார்த்துக்கணும்.”

வண்டி தள்ளுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் அவசரப்படுத்தவில்லை. நர்சம்மா கண்ணை மூடிக்கொண்டார். கண் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. வண்டி நகர்ந்தது. கதவுக்குப் பக்கத்தில் போகும்போது, “நான் பகையில்லாம இருக்கணும்” என்று ஒரு குரல் கேட்டது. மெதுவாகத்தான், ஆனால் கடைசி ‘ம்’ வரைக்கும் முழுசாக. கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எதிர்க்கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் ஓதினேன். வேறே என்ன செய்வது?

கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு மாதம் கழித்து அவர் மாடிப்படி ஏறி வரப்போகிற ஞாயிற்றுக்காக ஒரு சின்ன பேனர் வேணும் என்றார் ஆட்டோக்காரர். சனிக்கிழமை சாயந்தரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் விரல் ‘வாழ்த்த வயதில்லை’ என்று அடித்துவிட்டது. அழித்துவிட்டு, ‘வாழ்த்துகிறோம்’ என்று அடித்தேன். கீழே எங்கள் ஐந்து பேர் பெயரையும் போட்டேன், வயதில் சின்னவர் பெயர் முதலில்.