மாத்திரையில் வந்த அண்ணன்

என் கணவருடைய அண்ணனை நுரையீரல் புற்றுநோய் கொண்டுபோனது. பாறசாலை பெட்டிக்கடை முன்னால் இருவரும் சேர்ந்து பீடி இழுத்த இடத்தில், அதற்குப் பிறகு இவர் ஒற்றையாய் நின்று இழுத்தார். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் இவரை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பீடியை விடவைக்க வரெனிக்ளின் என்ற மாத்திரை எழுதினார். நிகோடின் மூளையில் சில ஏற்பிகளில் போய் ஒட்டும்போது டோபமைன் சுரக்கிறது, அந்தச் சுகத்துக்குத்தான் கை பீடியைத் தேடுகிறது என்றார். இந்த மாத்திரை அதே இடத்தில் முந்திப் போய் ஒட்டும். கொஞ்சமாகச் சுரக்கவைத்து ஏக்கத்தைத் தணிக்கும். பிறகு பீடி இழுத்தாலும் நிகோடினுக்கு இடம் கிடைக்காது. பஸ்ஸில் முந்தி ஏறி ஜன்னலோரம் பிடித்த ஆள் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

குமட்டும், அதனால் சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீரோடு போட வேண்டும். தூக்கம் கெடலாம், விசித்திரமான கனவு வரலாம். இதையெல்லாம் இவரிடம் சொல்லிவிட்டு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"மனநிலை மாறினா அவருக்கே தெரியாமப் போகலாம். நீங்கதான் பாக்கணும். ஆளு வேற மாதிரி ஆனா, சாவைப் பத்திப் பேசினா, மாத்திரைய நிறுத்திட்டு உடனே வாங்க."

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. "பீடி சப்புன்னு இருக்குடி" என்று இவரே தூக்கிப்போட்டார். பிறகு ஒரு காலையில் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, "அண்ணன் வந்தாரு. தீப்பெட்டி உண்டா எலேன்னு கேட்டாரு" என்றார். கனவுதான், ஆனால் நேரில் பார்த்தது போலவே இருந்ததாம்.

"எனக்க அம்மையக் கண்டா நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று கேலி செய்தேன். உள்ளுக்குள் பொறாமைதான்; செத்துப்போன அம்மா என் கனவில் ஒரு நாளும் வந்ததில்லை.

அண்ணன் தினமும் வந்தார். இவர் சீக்கிரமே படுக்கப் போனார். பகலில் பேச்சு குறைந்தது. ஒரு நாள் புட்டைப் பிசைந்தபடியே இருந்தவர், "அண்ணன் வா எலேன்னு விளிக்காரு. போனா என்னன்னு தோணுது" என்றார்.

மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, அவரையும் கிளப்பினேன். பஸ்ஸில் என் கையைப் பிடித்து, "டாக்டர்கிட்ட சொல்லாதடி. நிறுத்திப்போடுவாங்க. பிறகு அண்ணன் வரமாட்டாரு" என்று கெஞ்சினார்.

சொன்னேன். டாக்டரம்மா அவரிடம் ஒளிக்காமல் கேட்டார், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று. அவர் ஆமாம் என்று தலையாட்டினார். மாத்திரையாலா, பீடியை விட்டதாலா, துக்கத்தாலா என்று இப்போது பிரிக்க முடியாது, அதற்காகக் காத்திருக்கவும் கூடாது என்று மாத்திரையை நிறுத்தினார். அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அட்டையை நான் அங்கேயே கொடுத்துவிட்டேன்.

மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. சோறு இறங்கியது. பீடியை மறுபடி தொடவில்லை. அண்ணனும் வரவில்லை.

போன வாரம் அந்தப் பெட்டிக்கடையைக் கடக்கும்போது நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பீடி வேண்டாம்டி" என்றார். "அந்த மாத்திரையில ஒண்ணாவது வச்சிருக்கியா?"

பீடி கேட்டிருந்தால் திட்டியிருப்பேன்.