எனக்குத் தெரிந்த எழுத்து

அன்று காலை கடையைத் திறக்கவே மனசில்லை. முதுகுவலி ஒரு பக்கம், பத்து நாளாகக் கண்ணில் நீர் வடிவது ஒரு பக்கம். துறைமுகம் போகும் சாலையில் இருபது வருஷமாக டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். லாரி போகும்போதெல்லாம் நிலக்கரித் தூசி வந்து கீபோர்டில் இறங்கும். துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டது. பூட்டைக் கழற்றும்போதே, நான் தங்கச்சி என்று கூப்பிடும் வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். முகத்தைப் பார்த்ததுமே வேலையில் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிட்டது.

ஒரு வாரம் முன்னால்தான் அவருடைய அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கான புத்தகத்தை அடித்துக் கொடுத்திருந்தேன். ஒன்பது பக்கம். செபங்கள், பாட்டுகள், கடைசியில் அம்மாவைப் பற்றி அவரே எழுதிய இரண்டு பக்க நினைவுரை. எங்கள் கடற்கரைக் குடும்பங்களில் முப்பதாம் நாள் வீட்டில் மூத்த மகன்தான் செபத்தை முன்னின்று வாசிக்க வேண்டும். இந்த வீட்டு மூத்த மகன், அதாவது இவருடைய தம்பி, சரக்குக் கப்பலில் நடுக்கடலில் இருந்தான். அதே நேரத்தில் கப்பலிலிருந்தே வாசிக்கிறேன் என்று அப்பாவுக்குச் சொல்லியிருந்தான்.

அக்காவிடம் மட்டும் அவன் பேசுவதில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்ததை மறைத்துவிட்டாள் என்று கோபம். முகம் பார்க்க விடாமல் பண்ணிவிட்டாள் என்று ஊர்ப் பையன்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். இவர் போனை எடுத்தால் வைத்துவிடுவான். உண்மை என்னவென்றால், சொல்லக் கூடாது என்று அம்மாவே இவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதைத்தான் இவர் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார். அடிக்கக் கொடுத்த அன்றே என்னிடம், "அத அவன் வாசிச்சாப் போதும் அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தார்.

இப்போது வாசலில் நின்று போனை நீட்டினார். கப்பலிலிருந்து அப்பாவுக்கு மெயில் வந்திருக்கிறது. ஃபைல் திறக்கிறது, ஆனால் ஒரு வரி தமிழ் இல்லை, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமாக இருக்கிறதாம். பூசை மறுநாள் சாயங்காலம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். பளிச்சென்று தமிழ். "எங்கிட்ட நல்லாத்தான தெரியுது" என்றேன். இருபது வருஷமாக எல்லோரிடமும் நான் சொல்லி வரும் பதில் அது. பாதிப் பேர் அதோடு எழுந்து போய்விடுவார்கள். இவர் போகவில்லை. "அவங்கிட்டத்தான அண்ணாச்சி தெரியணும்" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் அடிப்பது பழைய தமிழ் ஃபாண்டில். யூனிகோடு வருவதற்கு முன்னால் பழகிய கை, மாற்றிக்கொள்ளச் சோம்பல். அந்த ஃபாண்டில் தமிழ் என்பது மேல்சட்டை மாதிரிதான். உள்ளே கிடப்பது இங்கிலீஷ் எழுத்து. ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும். பிடிஎஃப் ஆக்கும்போது ஃபாண்டும் உள்ளேயே பதிந்து போனால் தொந்தரவு இல்லை. எங்கே திறந்தாலும் தமிழ்தான். ஆனால் சில ஃபாண்டுகளைச் செய்தவர்கள் அப்படிப் பதிக்க அனுமதி வைப்பதில்லை. அந்த மாதிரி நேரத்தில் எழுத்தைப் படமாக மாற்றிவிடும் ஒரு டிக், வேர்டில் பிடிஎஃப் சேமிக்கும் இடத்தில் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கிறது. இத்தனை நாள் அந்த டிக்தான் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

இந்தத் தடவை அதை நானே எடுத்துவிட்டேன். கப்பல் மெயிலில் சின்ன ஃபைல்தான் போகும், போட்டோ எடுத்து அனுப்பியது திரும்பி வந்துவிட்டது, மெயிலிலேயே தமிழில் அடித்தால் கேள்விக்குறியாகப் போகிறது என்று தங்கச்சி சொல்லியிருந்தார். அளவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று அந்த டிக்கை எடுத்தேன். ஃபைல் நன்றாகவே சுருங்கியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிடிஎஃப்பின் பிராப்பர்ட்டீஸில் ஃபாண்ட் பட்டியலைத் திறந்தேன். பதிந்திருந்தால் ஃபாண்ட் பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' என்று இருக்கும். என் தமிழ் ஃபாண்டுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. என் கம்ப்யூட்டரில் ஃபாண்ட் இருந்ததால் எனக்குத் தமிழாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையதுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உட்காருங்கள், முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்றேன். அவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னார்.

ஒன்பது பக்கத்தையும் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றினேன். மாற்றியது அப்படியே சரியாக வந்துவிடாது. கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. நடுவில் இங்கிலீஷில் இருந்த கப்பல் பெயரையும் தமிழ் என்று நினைத்து அது குதறி வைத்திருந்தது. வரி வரியாகத் திருத்த வேண்டியிருந்தது. கண் எரிய எரிய வாசித்தேன்.

டைப் அடிக்கிறவன் வாசிப்பதில்லை. கண் பார்க்கும், கை அடிக்கும், மனசு சாப்பாட்டு நேரத்தை நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் கடைசிப் பக்கத்தை நான் அன்றுதான் முதல் தடவையாக வாசித்தேன். அந்த அம்மா சொன்னது இதுதான்: அவனிடம் சொன்னால் இறங்கி வந்துவிடுவான், வழியெல்லாம் அழுதுகொண்டே வருவான், வந்து சேர்வதற்குள் நான் போயிருப்பேன், அந்த அழுகை அவனுக்கு வேண்டாம். பழியை நீ வாங்கிக்கொள், நீ தாங்குவாய்.

திரும்பிப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாங்குகிறவர் என்று சொல்லிச் சொல்லியே ஒரு ஆள் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறோம் என்று ஆத்திரமாக வந்தது. செத்துப்போனவரிடம் கோபப்பட்டு என்ன செய்ய.

விண்டோஸோடு வரும் யூனிகோடு ஃபாண்டில் முழுவதையும் வைத்தேன். அதைப் பதிக்க அனுமதி உண்டு. படமாக மாறாததால் ஃபைலும் பெருக்கவில்லை. ஆப்ஷன்ஸில் பிடிஎஃப்/ஏ என்ற கட்டத்தையும் டிக் செய்தேன். அப்படிச் செய்தால் ஃபாண்ட் உள்ளே போயே ஆக வேண்டும். பட்டியலைத் திறந்தேன், எல்லா ஃபாண்டுக்கும் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' இருந்தது. அதோடு விடவில்லை. பக்கத்து ஷிப்பிங் ஆபீசில் தமிழ் ஃபாண்டே போடாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய் அதில் திறந்து, ஒன்பது பக்கமும் புரட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்பச் சொன்னேன்.

கப்பலில் மெயில் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் இறங்கும். மறுநாள் மத்தியானம் வரை பதில் இல்லை. சாயங்காலம் வீட்டில் பூசை நடந்தது, கூப்பிட்டிருந்தார் என்று நானும் போயிருந்தேன். அப்பா வாசித்தார், பாதியில் குரல் போய்விட்டது, மீதியைத் தங்கச்சி வாசித்தார். அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் யாரும் சத்தமாக வாசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் கடைக்கு வந்து போனை என் முன்னால் வைத்தார். தம்பியின் மெயில், முதல் தடவையாக அவருடைய பெயருக்கே வந்திருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ், ஒரே வரி. "அக்கா, வாசிச்சேன், கரைக்கு வந்ததும் பேசுதேன்."

நான் வாசித்து நிமிர்ந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நாலு நாளு வச்சிக்கிட்டு எழுதுனேன் அண்ணாச்சி. அதுல நான் எம்மேல தப்பில்லன்னு எங்கயாவது எழுதியிருக்கனா? அம்மா சொன்னதத்தான் எழுதுனேன். அவனுக்குப் புரிஞ்சிட்டு."